இரண்டாவது கோடு: வீட்டுக் கர்ப்பப் பரிசோதனையும் காத்திருக்கும் இருவரும்

வீட்டில் செய்யும் கர்ப்பப் பரிசோதனை முடிவு காட்ட எடுத்துக்கொள்வது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு கணவனும் மனைவியும் கேட்கும் கேள்வி, “குழந்தை உண்டா, இல்லையா?” என்பது. கையில் இருக்கும் பட்டை பதில் சொல்வதோ வேறொரு கேள்விக்கு: இந்தச் சிறுநீரில் ஒரு குறிப்பிட்ட ஹார்மோன், குறிப்பிட்ட அளவைத் தாண்டி இருக்கிறதா என்பதற்கு. இந்த இரண்டு கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகப் பொருந்திவிடுகின்றன. பொருந்தாமல் போகும் நாட்களும் உண்டு. வீணான ஏமாற்றமும் வீணான நம்பிக்கையும் பிறப்பது அந்த நாட்களில்தான். பட்டைக்குள் என்ன நடக்கிறது, அதற்கு முன்பு உடலில் என்ன நடந்திருக்க வேண்டும் என்பது தெரிந்தால், ஒரு கோட்டையும் இரண்டு கோட்டையும் சரியாகப் படிக்க முடியும்.

இதை ஒரு தம்பதியின் கணக்கை வைத்துப் பார்க்கலாம். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆனவர்கள். சில மாதங்களாகக் குழந்தையை எதிர்பார்த்திருப்பவர்கள். மனைவிக்குக் கடைசி மாதவிலக்கு தொடங்கியது மே 6. வழக்கமாக 28 நாளுக்கு ஒருமுறை வரும். சில மாதங்களில் இரண்டு மூன்று நாள் முன்பின் ஆகும். அந்தக் கணக்கில் ஜூன் 3 அன்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜூன் 4 மாலை, வேலை முடிந்து வரும் வழியில் கணவர் மருந்துக் கடையில் ஒரு கிட் வாங்கி வருகிறார். இருவருக்கும் காலை வரை பொறுக்க மனமில்லை. அன்று மாலையே பரிசோதனை நடக்கிறது. இந்தத் தம்பதியும் இவர்களுக்கான தேதிகளும் ஹார்மோன் அளவுகளும் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை. ஆனால் உடலில் வழக்கமாக நடப்பதை ஒட்டியவை.

நாள் தள்ளுவதற்கு முன்பு நடப்பது

28 நாள் சுழற்சியில் கருமுட்டை ஏறத்தாழ 14ஆம் நாள் வெளிவரும் என்பது பொதுக் கணக்கு. அது சராசரி மட்டுமே. ஒரே பெண்ணுக்கும் மாதத்துக்கு மாதம் மாறும். அலைச்சல், காய்ச்சல், மனக்கவலை, பிசிஓஎஸ் போன்ற சிக்கல்கள் அதைத் தள்ளிப்போடும். மேலே சொன்ன மனைவிக்கு அந்த மாதம் கருமுட்டை வெளிவந்தது 17ஆம் நாள், அதாவது மே 22 அன்று. இது அவர்களுக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை.

வெளிவந்த முட்டை ஒரு நாளுக்குள் விந்தணுவோடு சேர்ந்தால் கரு உருவாகிறது. ஆனால் அப்போது எந்தப் பரிசோதனையிலும் அது தெரியாது. கரு, கருக்குழாய் வழியாக மெல்ல நகர்ந்து கருப்பைக்கு வந்து, அதன் உள்சுவரில் பதிய வேண்டும். முட்டை வெளிவந்த 8 முதல் 10 நாளுக்குள் பெரும்பாலான கருக்கள் பதிகின்றன. ஆறாம் நாளே பதிவதும், 12ஆம் நாள் பதிவதும் உண்டு. நம் கணக்கில் 10 நாள் கழித்து, ஜூன் 1 அன்று கரு பதிந்தது.

பதிந்த கருவின் வெளி உறைச் செல்கள் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைத் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. முட்டை வெளிவந்த இடத்தில், சூலகத்தில் ஒரு சிறு சுரப்பி உருவாகியிருக்கும். அது புரொஜெஸ்டிரோன் சுரந்து கருப்பையின் உள்சுவரைத் தாங்கி நிற்கும். கரு இல்லையென்றால் இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பி சுருங்கிவிடும், உள்சுவர் உதிரும், மாதவிலக்கு வரும். எச்.சி.ஜி. வந்து சேர்ந்தால் சுரப்பி சுருங்காமல் வேலையைத் தொடர்கிறது. நாள் தள்ளிப்போவதற்குக் காரணமே இந்த ஹார்மோன்தான். அதே ஹார்மோன் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால்தான் சிறுநீரில் அதைத் தேட முடிகிறது.

தொடக்க வாரங்களில் எச்.சி.ஜி. ஏறத்தாழ இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. அதன் அளவை ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லி சர்வதேச அலகு என்று சொல்வார்கள். இங்கே சுருக்கமாக ‘அலகு’ எனலாம். கர்ப்பமில்லாத பெண்ணின் இரத்தத்தில் அது பொதுவாக 5 அலகுக்கும் குறைவு. நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் சாதாரண கிட்கள் பெரும்பாலும் 25 அலகு இருந்தால் கோடு காட்டும்படி செய்யப்பட்டவை. ஜூன் 4 மாலை அந்த மனைவியின் உடலில் இருந்தது 10 அலகு. கரு இருக்கிறது, ஹார்மோனும் இருக்கிறது, கிட்டின் கண்ணுக்குத்தான் அது இன்னும் எட்டவில்லை.

பரிசோதனை செய்யும் முறை

கிட் என்பது தகடு ஒட்டிய உறைக்குள் இருக்கும் ஒரு சிறிய வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி. கூடவே சொட்டு விடும் சிறு குழாயும், ஈரம் உறிஞ்சும் மணிகள் கொண்ட சிறு பொட்டலமும் இருக்கும். பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடலாம். பெட்டியின் ஒரு முனையில் ‘எஸ்’ என்று குறித்த சிறு குழி இருக்கும். சிறுநீரை விட வேண்டிய இடம் அது. நடுவில் ஒரு நீளமான சாளரம். அதன் ஓரத்தில் ‘சி’, ‘டி’ என்ற இரண்டு எழுத்துகள். ‘சி’ கிட் வேலை செய்ததைக் காட்டும் கோட்டுக்கான இடம். ‘டி’ ஹார்மோனைக் காட்டும் கோட்டுக்கான இடம்.

முதலில் உறையின் மேல் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். சிறுநீரைப் பிடிக்கும் கிண்ணம் சோப்பு ஒட்டாமல், உலர்ந்து இருக்க வேண்டும். எல்லாம் தயாரான பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். முன்கூட்டியே பிரித்து வைத்தால் காற்றின் ஈரம் பட்டையைக் கெடுத்துவிடும். பெட்டியைச் சமதளத்தில் வைத்து, உறையில் சொன்ன எண்ணிக்கையில், வழக்கமாக இரண்டு அல்லது மூன்று சொட்டு விட வேண்டும். கூடுதலாக விட்டால் முடிவு கூடுதலாகத் தெரியாது. குழி நிரம்பி வழிந்து, சாளரம் முழுதும் சிவந்து குழம்பிப்போகும்.

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரவு முழுவதும் தண்ணீர் குடிக்காததால் அது அடர்த்தியாக இருக்கும்; ஹார்மோனும் அதே அளவு செறிந்திருக்கும். மாலையில், அதுவும் நிறையத் தண்ணீர் குடித்த பிறகு, அதே ஹார்மோன் நீர்த்துப்போகும். நாள் தள்ளி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டால் இந்த வேறுபாடு பெரிதாகப் பாதிக்காது. ஓரிரு நாளே ஆன நிலையில் இது முடிவையே மாற்றிவிடும்.

சொட்டு விட்ட உடனே நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மனக்கணக்கு இங்கே உதவாது. பதற்றத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாகத் தோன்றும். கைப்பேசியில் ஐந்து நிமிடத்துக்கு மணி வைத்துக்கொள்வது எளிய வழி. அந்த வீட்டில் கணவர் செய்ததும் அதுதான்.

ஐந்து நிமிடத்தில் பட்டைக்குள் நடப்பது

சாளரத்துக்குள் தெரியும் வெள்ளைப் பட்டை ஒருவகைச் சவ்வு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, குழியில் விட்ட சிறுநீர் அதில் தானாகவே ஊர்ந்து போகிறது. போகும் வழியில் முதலில் அது ஒரு சிறு துணுக்கைக் கடக்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் காத்திருக்கின்றன. தங்கத்தை மிக நுண்ணிய துகளாக்கினால் அது மஞ்சளாகத் தெரியாது. திராட்சைரசச் சிவப்பில் தெரியும். கிட்டில் வரும் சிவப்புக் கோட்டின் நிறம் பெரும்பாலான கிட்களில் இந்தத் தங்கத்தின் நிறமே.

ஒவ்வொரு துகளின் மேலும் எச்.சி.ஜி.யை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதம் ஒட்டப்பட்டிருக்கிறது. சிறுநீரில் எச்.சி.ஜி. இருந்தால் அது துகளோடு ஒட்டிக்கொண்டு பயணத்தைத் தொடரும். ‘டி’ என்ற இடத்தில் குறுக்குக் கோடாக வேறொரு ஆன்டிபாடி பூசப்பட்டிருக்கிறது. அது அதே ஹார்மோனின் இன்னொரு பகுதியைப் பிடிக்கும். ஹார்மோன் ஒரு பக்கம் தங்கத் துகளையும் மறுபக்கம் பட்டையையும் பற்றிக்கொண்டு அங்கே நின்றுவிடும். ஆயிரமாயிரம் துகள்கள் இப்படி ஒரே வரிசையில் சேரும்போது கண்ணுக்குச் சிவப்புக் கோடு தெரிகிறது. ஹார்மோன் குறைவென்றால் சேரும் துகளும் குறைவு; கோடும் வெளிறும். ஹார்மோனே இல்லையென்றால் துகள்கள் நிற்காமல் கடந்து போய்விடும்.

அதற்கு அடுத்த ‘சி’ என்ற இடத்தில் பூசியிருப்பது, தங்கத் துகளின் மேல் உள்ள ஆன்டிபாடியையே பிடிக்கும் பொருள். ஹார்மோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே கோடு வர வேண்டும். சிறுநீர் கடைசி வரை ஓடியது, துகள்கள் கெடவில்லை என்பதற்கு அதுவே சான்று. ‘சி’ கோடு வராத கிட்டில் ‘டி’ கோடு வந்தாலும் அதை முடிவாகக் கொள்ளக் கூடாது. வேறு கிட்டில் மறுபடி பார்க்க வேண்டும்.

இந்த வேலை நடந்து முடிய ஐந்து நிமிடம் தேவை. நிறைய ஹார்மோன் இருந்தால் ஒரே நிமிடத்தில் இரண்டு கோடும் வந்துவிடும். குறைவாக இருந்தால் மெல்லத்தான் சேரும். அதனால் இரண்டாவது நிமிடத்தில் ஒரே கோட்டைப் பார்த்துக் கிட்டைக் குப்பையில் போடுவது தவறு. அதேபோல ஐந்து நிமிடம் முடிந்து வெகுநேரம் வைத்திருந்து பார்ப்பதும் தவறு. பட்டை காய்ந்ததும் ‘டி’ பூசிய இடத்தில் சாம்பல் நிற நிழல் போல ஒரு தடம் தெரியக்கூடும். அது ஹார்மோனால் வந்ததல்ல. ஈரம் உலர்ந்ததால் வந்தது. உறையில் சொன்ன நேரம் கடந்து தெரியும் எதையும் கணக்கில் எடுக்கக் கூடாது.

முதல் முடிவு: ஒரே கோடு

மணி அடித்தது. ‘சி’ கோடு தெளிவாக இருந்தது. ‘டி’ இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மனைவி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுதாங்க இருக்கு,” என்றார். கணவர், “நாளைக்கும் வரலேன்னா மறுபடி பார்க்கலாம்மா,” என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னது மருத்துவக் கணக்குக்கும் ஏறத்தாழப் பொருந்துகிறது. மறுநாளைவிட மூன்று நாள் பொறுப்பதே சரி.

ஒரே கோடு என்பதற்கு “கர்ப்பம் இல்லை” என்று மட்டும் பொருளில்லை. “கர்ப்பம் இல்லை, அல்லது இன்னும் தெரியும் அளவுக்கு வரவில்லை” என்பதே அதன் முழுப் பொருள். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1980களில் கர்ப்பத்துக்கு முயன்ற பெண்களின் தினசரிச் சிறுநீரைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். ஆலன் வில்காக்ஸ் குழுவினர் அதிலிருந்து 2001இல் வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாக்குகிறது. மாதவிலக்கு வர வேண்டிய நாளன்று ஏறத்தாழ 10 விழுக்காடு கர்ப்பங்களில் கருவே இன்னும் பதிந்திருக்கவில்லை. பதியாத கரு ஹார்மோனை வெளியே அனுப்பாது. ஆகவே அன்றைய நாளில் எவ்வளவு உயர்ந்த கிட்டாக இருந்தாலும் பத்தில் ஒன்றைத் தவறவிடும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தால் 97 விழுக்காடு வரை கண்டறிய முடியும் என்றும் அவர்கள் கணித்தார்கள். ‘99 விழுக்காடு துல்லியம்’ என்று உறைகளில் அச்சிடப்படுவது, ஹார்மோன் போதிய அளவில் இருக்கும்போது கிட் எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்கிறது. நாள் தள்ளிய முதல் நாளில் செய்யும் எல்லாப் பரிசோதனைக்கும் அது பொருந்தாது.

நம் தம்பதியின் கணக்கில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. முட்டை மே 22 அன்று வெளிவந்ததால், கரு தரிக்காமல் இருந்திருந்தால் மாதவிலக்கு வந்திருக்க வேண்டியது ஏறத்தாழ ஜூன் 5 அன்று. அதாவது நாள் தள்ளிவிட்டது என்று எண்ணி அவர்கள் பரிசோதித்த ஜூன் 4 அன்று, உண்மையில் நாள் தள்ளவே இல்லை. மாதவிலக்கு ஒழுங்காக வராத பெண்களுக்கு இந்த இடைவெளி வாரக்கணக்கில்கூட இருக்கலாம். அவர்களுக்கு “நாள் தள்ளிய தேதி” என்பதே நம்பத்தக்க அளவுகோல் அல்ல. தாம்பத்திய உறவு நடந்து மூன்று வாரம் கழித்துப் பரிசோதிப்பதே அவர்களுக்குச் சரியான கணக்கு.

மூன்று நாள் பொறுக்கச் சொல்வதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. ஹார்மோன் இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பானால், மூன்று நாளில் ஏறத்தாழ மூன்று மடங்காகும். அன்று எட்டாத அளவு அப்போது எட்டிவிடும். ஒரே நாளில் மூன்று கிட் வாங்கிப் பார்ப்பது பணத்தையும் மனத்தையும் கரைக்குமே தவிர, புதிதாக எதையும் சொல்லாது.

இரண்டாம் முடிவு: வெளிறிய கோடு

ஜூன் 7 காலை. மாதவிலக்கு இன்னும் வரவில்லை. எழுந்ததும் எடுத்த சிறுநீரில் மறுபடி பரிசோதனை. ஹார்மோன் இப்போது 30 அலகு. கிட்டின் எல்லையை அப்போதுதான் தாண்டியிருந்தது. நான்காம் நிமிடத்தில் ‘டி’ இடத்தில் மெல்லிய இளஞ்சிவப்புத் தடம் தெரிந்தது. மனைவிக்கு அது கோடாகத் தெரிந்தது. கணவருக்கு அது இருப்பதாகவும் இல்லாததாகவும் தெரிந்தது. எத்தனையோ வீடுகளில் இருவரும் முரண்படும் இடம் இது.

வெளிறிய கோட்டைப் படிக்க மூன்று செய்திகளைப் பார்த்தால் போதும். முதலாவது நிறம்: கோட்டில் சிவப்போ இளஞ்சிவப்போ இருக்க வேண்டும், நிறமற்ற சாம்பல் நிழல் கணக்கில் வராது. இரண்டாவது நேரம்: சொன்ன நேரத்துக்குள் வந்திருக்க வேண்டும். மூன்றாவது வடிவம்: சாளரத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ‘சி’ கோட்டின் அதே அகலத்தில் இருக்க வேண்டும். மூன்றும் சரியென்றால், எவ்வளவு வெளிறியிருந்தாலும் அது ஹார்மோன் இருப்பதன் அடையாளமே. அவர்களின் கோடு மூன்றிலும் தேறியது.

அவர்கள் இன்னும் மூன்று நாள் பொறுத்து, ஜூன் 10 காலை மூன்றாவது கிட்டைப் பார்த்தார்கள். ஹார்மோன் 90 அலகு. சொட்டு விட்டு ஒன்றரை நிமிடத்தில், யாரும் தர்க்கம் செய்யத் தேவையில்லாத இரண்டு கோடுகள். கோட்டின் அழுத்தம் கூடுவது ஹார்மோன் கூடுவதைக் காட்டியது. அதற்கு மேல் அதில் பொருள் தேடக் கூடாது. எத்தனை வாரம், ஒரு குழந்தையா இரட்டையா என்பதையெல்லாம் கோட்டின் அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

கர்ப்பமே இல்லாமல் இரண்டு கோடு வருவது அரிது. ஆனாலும் அதற்கான காரணங்கள் தெளிவானவை. குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் முட்டை வெளிவரப் போடும் ஊசியில் இருப்பது எச்.சி.ஜி.யேதான். அது உடலை விட்டு நீங்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் பரிசோதித்தால் ஊசியைத்தான் கிட் காட்டும். கருச்சிதைவோ பிரசவமோ ஆன பிறகு சில வாரங்களுக்கு எஞ்சிய ஹார்மோன் தெரியும். மிக அரிதாகச் சில கட்டிகளும் இந்த ஹார்மோனைச் சுரக்கும். பாரசிட்டமாலோ, சாதாரண ஆன்டிபயாடிக்கோ, கருத்தடை மாத்திரையோ இரண்டாவது கோட்டை உண்டாக்குவதில்லை.

காத்திருப்பு சுருங்கிய வரலாறு

இன்று ஐந்து நிமிடமாக இருக்கும் இந்தக் காத்திருப்பு, நூறாண்டுக்கு முன்பு நாட்களில் எண்ணப்பட்டது. 1920களின் இறுதியில் பெர்லினில் செல்மார் ஆஷெய்ம், பெர்ன்ஹார்டு சோன்டெக் என்ற மருத்துவர்கள், பெண்ணின் சிறுநீரை இளம் எலிகளுக்கு ஊசியாகச் செலுத்தி, சில நாள் கழித்து அவற்றின் சூலகங்களை அறுத்துப் பார்த்து முடிவு சொன்னார்கள். அடுத்து ஆப்பிரிக்கத் தவளை ஒன்று பயன்பட்டது. கர்ப்பிணியின் சிறுநீரைச் செலுத்தினால் அது ஒரு நாளுக்குள் முட்டையிட்டுவிடும். தவளையைக் கொல்லவும் வேண்டியதில்லை.

விலங்கு இல்லாமல் சோதனைக் குழாயில் ஆன்டிபாடி கொண்டு பார்க்கும் முறை 1960களில் ஆய்வுக்கூடங்களுக்கு வந்தது. 1967இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு மருந்து நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்த மார்கரெட் கிரேன், அந்தக் குழாய்களையும் கீழே இருந்த கண்ணாடியையும் பார்த்து, இதைப் பெண்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்று எண்ணினார். அவர் வடிவமைத்த பெட்டிக்கு நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. மருத்துவரிடம் மட்டும் இருந்த செய்தி பெண்ணின் கைக்கு நேராகப் போவதைப் பலர் விரும்பவில்லை. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த வீட்டுக் கிட்டில் குழாயை அசைக்காமல் இரண்டு மணி நேரம் வைத்திருக்க வேண்டும்.

எச்.சி.ஜி.யின் ஒரு பாதி, உடலில் இயல்பாகவே இருக்கும் வேறு ஹார்மோன்களிலும் அப்படியே இருக்கிறது. அதனால் பழைய முறைகள் சில நேரம் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டன. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஜூடித் வைட்டுகைட்டிஸ் குழுவினர், அதன் தனித்த மறுபாதியான பீட்டா பகுதியை அடையாளம் காணும் ஆன்டிபாடியைப் பயன்படுத்திக் காட்டினார்கள். மிகக் குறைந்த அளவையும் பிழையின்றி அளக்க வழி பிறந்தது. 1980களின் பிற்பகுதியில், மேலே விவரித்த ஊர்ந்து செல்லும் பட்டை முறை வந்து காத்திருப்பைச் சில நிமிடமாக்கியது. ஆனால் கரு பதிவதற்கும் ஹார்மோன் பெருகுவதற்கும் உடல் எடுக்கும் நாட்களை எந்தக் கண்டுபிடிப்பாலும் சுருக்க முடியவில்லை.

இரண்டு கோட்டுக்குப் பிறகு

இரண்டு கோடு ஹார்மோன் இருப்பதைச் சொல்கிறது. கரு எங்கே இருக்கிறது, நன்றாக வளர்கிறதா என்பதைச் சொல்வதில்லை. அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுகிறது. அதற்கும் கிட் இரண்டு கோடு காட்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, இரத்தக் கசிவு, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், இவற்றில் எது தெரிந்தாலும் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் மருத்துவர்கள் இரத்தத்தில் எச்.சி.ஜி. அளவை 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பார்கள். தொடக்க நாட்களில் அதற்குள் அது குறைந்தது ஏறத்தாழப் பாதியளவாவது கூடியிருக்க வேண்டும். மெதுவாக ஏறினாலோ இறங்கினாலோ கூடுதல் கவனம் தேவை.

இரண்டு கோடு வந்து, சில நாளிலேயே மாதவிலக்குப் போல இரத்தப்போக்கு வந்து, அடுத்த கிட்டில் ஒரே கோடு வருவதும் உண்டு. பதிந்த கரு தொடக்கத்திலேயே நின்றுபோனதன் விளைவு இது. வில்காக்ஸ் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பதிந்த கருக்களில் ஏறத்தாழ 22 விழுக்காடு, மருத்துவ ரீதியாகக் கர்ப்பம் என்று உறுதியாவதற்கு முன்பே கலைந்துவிட்டதைக் கண்டார்கள். வீட்டுக் கிட் இல்லாத காலத்தில் இது ஓரிரு நாள் தாமதமான மாதவிலக்காகக் கடந்து போயிருக்கும். இப்போது முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் இழப்பாக உணரப்படுகிறது. பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறே இதற்குக் காரணம். மனைவி படி ஏறியதோ, பாத்திரம் தூக்கியதோ, பப்பாளி தின்றதோ அல்ல. வீட்டில் பெரியவர்கள் காரணம் தேடத் தொடங்கினால் கணவர் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்லாக் காத்திருப்பும் இரண்டாவது கோட்டை வேண்டி நடப்பதில்லை. குழந்தை இப்போது வேண்டாம் என்றிருக்கும் தம்பதிக்கும் முடிவு சரியாகத் தெரிய வேண்டியது முக்கியம். நாட்கள் கடந்தால் வழிகள் குறையும். இந்தியச் சட்டம், அது சொல்லும் காரணங்களுக்கு உட்பட்டு, 20 வாரம் வரை தகுதி பெற்ற ஒரு மருத்துவரின் கருத்தின் பேரில் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. கருத்தடை முறை தவறியதும் அந்தக் காரணங்களில் ஒன்று. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தாமே போட்டுக்கொள்வது ஆபத்து. கரு குழாயில் இருந்தால் அந்த மாத்திரை அதைத் தீர்க்காது. இரத்தப்போக்கு வந்ததைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடும் நேரத்தில் குழாய் வெடிக்கக்கூடும்.

நம் தம்பதி ஜூன் 10 அன்றே மருத்துவரைப் பார்த்தார்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே கர்ப்ப வாரங்களைக் கணக்கிடுவது வழக்கம் என்பதால், அன்றைக்கு அது சரியாக ஐந்து வாரக் கர்ப்பம். கரு உருவாகி ஆனதோ 19 நாள்தான். மருத்துவர் ஃபோலிக் அமில மாத்திரையை உடனே தொடங்கச் சொன்னார். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் ஏறத்தாழ ஆறாம் வாரத்துக்குள் மூடிவிடுவதால், இதில் ஒவ்வொரு நாளும் கணக்கு. கர்ப்பத்துக்கு முயலும்போதே தொடங்குவது இன்னும் நல்லது. மனைவி ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மருந்துகளின் பட்டியலையும் கேட்டு வாங்கினார். அவரது பகுதிக் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிந்துகொள்ளவும் சொன்னார். பேறுகாலக் கணக்குப்படி 280 நாள் சேர்த்து, பிரசவத் தேதியை அடுத்த ஆண்டு பிப்ரவரி 10 என்று குறித்தார்.

அன்றே ஸ்கேன் கேட்ட கணவரிடம், இப்போது பார்த்தால் எதுவும் தெரியாமல் வீண் கவலைதான் மிஞ்சும் என்று விளக்கி, ஜூன் 26 அன்று வரச் சொன்னார். கணக்குப்படி அன்று ஏழு வாரமும் இரண்டு நாளும். ஸ்கேனில் கரு கருப்பைக்குள்ளேயே இருந்தது. இதயத் துடிப்பும் தெரிந்தது. கருவின் நீளம் மட்டும் ஆறு வாரம் ஆறு நாளுக்கு உரியதாக இருந்தது. மூன்று நாள் குறைவு. முட்டை 14ஆம் நாளுக்குப் பதில் 17ஆம் நாள் வெளிவந்ததன் தடம் அது. ஜூன் 4 அன்று ஒரே கோடு வந்ததற்கும் அதுவே காரணம். இவ்வளவு சிறிய வேறுபாட்டுக்காகப் பிரசவத் தேதியை மாற்றுவதில்லை என்று சொல்லி, மருத்துவர் பிப்ரவரி 10ஐ அப்படியே வைத்துக்கொண்டார்.